டாக்டர் சர்ட்டிபிகேட் உண்மைதானா என்று கிளினிக்கில் கேட்பது எப்படி? நோயைத் தொடாமல், தாளை மட்டும்

போன வருஷம் ஜூன் மாதம் என் மேஜைக்கு ஒரு மெடிக்கல் சர்ட்டிபிகேட் வந்தது. புதுச்சேரியில் இருக்கும் ஒரு சின்ன கிளினிக்கின் தாள். 11-ஆம் தேதி முதல் 18-ஆம் தேதி வரை 8 நாள் ஓய்வு தேவை என்று எழுதியிருந்தது. விரல் விட்டு எண்ணினால் கணக்குச் சரி. ஆனால் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அந்த இரண்டு 8-களுக்கும் இடது பக்கம் மட்டும் மை கொஞ்சம் கருத்திருந்தது. முதலில் 3 என்று எழுதி, பிறகு இடது பக்கத்தை வளைத்து மூடியது போல. 11 முதல் 13 வரை என்றால் 3 நாள். அதுவும் கணக்குக்குச் சரியாகவே வருகிறது.

கடலூரில் அறுபது பேர் வேலை செய்யும் ஒரு கம்பெனியில் லீவு, சம்பளம், ஆள் விவகாரம் எல்லாம் என் பொறுப்பு. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் மஞ்சக்குப்பம் ஜி.எச்.சுக்கோ திருப்பாப்புலியூர் கிளினிக்குகளுக்கோ போவார்கள். மீதிப் பேர் ஒரு பஸ் ஏறிப் புதுச்சேரியில் காட்டுவார்கள். அதனால் இரண்டு பக்கத்துத் தாள்களும் என்னிடம் வரும். பெரும்பாலானவற்றை விசாரிக்கத் தேவையே இல்லை. ஒரு நாள், இரண்டு நாள் லீவுக்குக் கிளினிக் வரைக்கும் போவது யாருக்கும் நல்லதல்ல. நாள் அதிகம், திருத்தல் இருக்கிறது, அல்லது தாளே ஒட்டாமல் நிற்கிறது என்றால்தான் இந்த வேலை.

அன்றைக்கு எங்கள் மேனேஜர் தாளைப் பார்த்ததும், "போனைப் போடுங்க. இந்த ஆள் வந்தாரா, அப்படி என்ன காய்ச்சல்னு டாக்டர்கிட்டயே கேட்டுடுங்க" என்றார். நிறைய ஆபீஸ்களில் இப்படித்தான் நடக்கிறது. இதில் இரண்டு கேள்வி இருக்கிறது. இரண்டையுமே நாம் கேட்கக்கூடாது.

கேட்க வேண்டியது எது

டாக்டர்களைக் கட்டுப்படுத்துவது இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு தொழில் ஒழுக்க விதிமுறைகள். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிமுறைகளை வெளியிட்டு, அதே மாதம் நிறுத்திவைத்துவிட்டது. பழையதே தொடர்கிறது. அதில் 7.14 என்ற பிரிவு, சிகிச்சையின்போது தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியிடக்கூடாது என்கிறது. விலக்கு மூன்றுதான். நீதிபதி உத்தரவிட்டால் நீதிமன்றத்தில் சொல்லலாம். குறிப்பிட்ட ஒருவருக்கோ ஊருக்கோ கடுமையான ஆபத்து இருந்தால் சொல்லலாம். அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக இருந்தால் சொல்லலாம். 'கம்பெனியிலிருந்து போன் வந்தால்' என்று நான்காவது ஒன்று கிடையாது.

அப்படியென்றால் விசாரிக்க வழியே இல்லையா? இருக்கிறது. அதே விதிமுறைகளின் 1.3.3 பிரிவில் நமக்கு உதவும் விஷயம் ஒன்று உண்டு. சர்ட்டிபிகேட் கொடுக்கும் டாக்டர், கொடுத்தவற்றின் முழு விவரத்தோடு ஒரு ரிஜிஸ்டர் வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சர்ட்டிபிகேட்டுக்கும் ஒரு நகல் கையில் இருக்க வேண்டும். நோயாளியின் கையெழுத்தோ கைரேகையோ, முகவரி, ஒரு அங்க அடையாளமாவது தாளில் இருக்க வேண்டும். ஆக, நம் கையில் இருக்கும் தாளுக்கு ஒரு ஜோடி அங்கே இருந்தாக வேண்டும்.

கேட்க வேண்டியதும் அதைத்தான்: "உங்களிடம் இருக்கும் நகலும் எங்களிடம் இருக்கும் இந்தத் தாளும் ஒன்றுதானா?" நோய் என்ன, மருந்து என்ன, உண்மையிலேயே படுத்த படுக்கையா, எத்தனை தடவை வந்தார் என்பதெல்லாம் இந்தக் கேள்விக்குள் வராது.

'இவர் உங்களிடம் வந்தாரா' என்று கேட்டால் என்ன தப்பு என்று நினைக்கலாம். ஒரு மனநல டாக்டரின் போர்டுக்குக் கீழேயோ, குழந்தையின்மை சிகிச்சை மையத்திலோ நின்று அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 'ஆமாம்' என்ற ஒரு சொல்லிலேயே எல்லாம் வெளியே வந்துவிடும். ஊழியர் தானாகக் கொண்டுவந்து கொடுத்த தாளைப் பற்றிக் கேட்பது வேறு. அவர் எந்தெந்தக் கிளினிக்குக்குப் போகிறார் என்று நாமாகத் தேடுவது வேறு.

முதலில் தாளை வைத்துக்கொண்டு உட்காருங்கள்

கிளினிக்கைத் தொடும் முன் பத்து நிமிஷம் தாளோடு செலவழித்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். டாக்டரின் பெயர், பதிவு எண், தாள் கொடுத்த தேதி, ஓய்வு தொடங்கும் தேதி, முடியும் தேதி, நோயாளியின் கையெழுத்து, அங்க அடையாளம். இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். நோயாளியின் கையெழுத்தை உங்கள் வருகைப் பதிவேட்டில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். நண்பர் ஒருவர் போய் வாங்கி வந்த தாளில் பெரும்பாலும் இந்த இடம்தான் காலியாக இருக்கும்.

எதைச் சந்தேகப்படக்கூடாது என்பதும் முக்கியம். கிறுக்கல் எழுத்து ஒன்றையும் நிரூபிக்காது. சீல் மங்கலாக விழுந்திருப்பதும் அப்படியே. தாளின் தேதி, லீவு தொடங்கிய தேதிக்கு ஒரு நாள் பிந்தி இருந்தால் அது இயல்பு. முதல் நாள் வீட்டில் கஷாயம் குடித்துப் பார்த்துவிட்டு மறுநாள் டாக்டரிடம் போகிறவர்கள்தான் நம்மில் அதிகம். தாளின் தேதி வேலைக்குத் திரும்பிய நாளாக இருந்து, ஓய்வுக் காலம் முழுக்கப் பின்னோக்கி எழுதப்பட்டிருந்தால் அங்கே நிறுத்தி யோசிக்கலாம். ஆனால் ஓய்வுச் சான்றும், 'குணமாகிவிட்டார், வேலைக்கு வரலாம்' என்ற தகுதிச் சான்றும் ஒரே தாளில் மேலும் கீழுமாக அச்சாகியிருப்பது வழக்கம். கீழே இருக்கும் தேதியைப் பார்த்துவிட்டு மேலே இருப்பதைச் சந்தேகப்பட்டு நானே ஒரு முறை அசடு வழிந்திருக்கிறேன்.

பதிவு எண்ணைப் பார்ப்பதற்கு யாருடைய சம்மதமும் வேண்டாம், அது பொதுத் தகவல். nmc.org.in தளத்தில் Indian Medical Register என்ற பகுதி இருக்கிறது. டாக்டர் பெயரையோ, மாநிலக் கவுன்சிலைத் தேர்ந்தெடுத்துப் பதிவு எண்ணையோ போட்டால் அவர் பெயர், படிப்பு, பதிவான ஆண்டு வரும். இங்கே நம் பக்கத்துச் சிக்கல் ஒன்று உண்டு. புதுச்சேரியில் கிளினிக் வைத்திருப்பவர் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிந்திருக்கலாம், வேறு மாநிலத்தில் படித்துவிட்டு அங்கேயே பதிந்தும் இருக்கலாம். அதனால் எண்ணை மட்டும் போட்டுத் தேடாமல் பெயரைப் போட்டும் தேடுங்கள். நம் ஊர் பெயர்களில் இனிஷியல் முன்னாலும் பின்னாலும் மாறும். அப்பா பெயர் முழுதாக நீண்டிருக்கும், ஒரு எழுத்து கூடக் குறைய இருக்கும். பல் டாக்டர், சித்தா, ஹோமியோபதி டாக்டர்களுக்குப் பதிவேடு தனித்தனி. அவர்கள் பெயர் இதில் வராது.

பெயர் வரவில்லை என்பதால் மட்டும் போலி டாக்டர் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆனால் தாளில் இருக்கும் எண்ணைப் போட்டால் முற்றிலும் வேறொரு டாக்டரின் பெயர் வருகிறது என்றால் அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே ஒரு முறை அப்படி வந்தது. அந்தத் தாளில் இருந்த கிளினிக்கைத் தேடிப் போனால், அந்தக் கதவு எண்ணில் டெய்லர் கடை இருந்தது.

ஆளைக் கூப்பிட்டுப் பேசுங்கள், கிளினிக்குக்கு முன்னால்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். ஊழியருக்குத் தெரியாமல் விசாரித்தால்தான் உண்மை வரும் என்று ஒரு நினைப்பு. நடைமுறையில் அது தலைகீழ். தெரியாமல் கேட்டால் பொறுப்புள்ள கிளினிக் பதில் தராது. பதில் தருகிற கிளினிக், யார் கேட்டாலும் யாரைப் பற்றியும் சொல்லிவிடும் கிளினிக். எழுத்தில் சம்மதம் இருந்தால் அவர்களுக்கும் பயமில்லை, நமக்கும் பயமில்லை.

தனி அறையில், சூப்பர்வைசர் பக்கத்தில் இல்லாமல் பேச வேண்டும். அன்றைக்கு நான் அந்த 8 நாள் சர்ட்டிபிகேட்டைக் கொடுத்த பையனிடம் பேசியது ஏறக்குறைய இப்படி:

"தம்பி, உக்காருங்க. உங்க சர்ட்டிபிகேட்ல தேதி திருத்தின மாதிரி தெரியுது. திருத்தின இடத்துல டாக்டர் கையெழுத்து இல்ல. அதனால இத அப்படியே ஃபைல்ல வைக்க முடியல."

"சார், நான் ஒண்ணும் பண்ணல சார்."

"நீங்க பண்ணீங்கன்னு நான் சொல்லல. இந்தத் தாள் அங்க குடுத்ததுதானான்னு மட்டும் கிளினிக்ல கேக்கணும். உங்களுக்கு என்ன நோய்னு கேக்க மாட்டேன். கேக்குற லெட்டர உங்ககிட்ட காட்டிட்டுத்தான் அனுப்புவேன். சம்மதம்னா எழுதிக் குடுங்க. இல்லன்னா நீங்களே போய் டாக்டர்கிட்ட திருத்தின இடத்துல கையெழுத்து வாங்கிட்டு வரலாம். எது வசதியோ சொல்லுங்க."

இந்த இரண்டாவது வழியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வேறு வழியே இல்லாமல் வாங்கிய சம்மதம் பேருக்குத்தான் சம்மதம். அவர் யோசித்துவிட்டு, "நீங்களே கேளுங்க சார், நான் கேட்டு வந்தா அதயும் நம்ப மாட்டாங்க" என்றார். மேனேஜரைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது.

சம்மதக் கடிதம் நாலு வரி போதும்:

"நான் ______ தேதியிட்ட, ______ கிளினிக் வழங்கிய மருத்துவச் சான்றிதழை என் நிறுவனத்தில் கொடுத்துள்ளேன். அந்தச் சான்றிதழ் அந்தக் கிளினிக் வழங்கியதுதானா, அதில் உள்ள தேதிகளும் நாட்களின் எண்ணிக்கையும் அவர்களிடம் உள்ள நகலோடு ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டும் உறுதிசெய்ய என் நிறுவனத்துக்குச் சம்மதிக்கிறேன். என் நோய், பரிசோதனை, சிகிச்சை பற்றிய எந்தத் தகவலையும் தர இச்சம்மதம் பொருந்தாது. இது இன்றிலிருந்து 15 நாட்கள் வரை மட்டும் செல்லும்."

கீழே பெயர், கையெழுத்து, தேதி. 'என் மருத்துவ விவரங்கள் அனைத்தையும் பெற' என்று அகலமாக எழுதி வாங்கும் படிவங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டு இப்படிக் குறுக்கி எழுதுங்கள். 15 நாள் என்பது சட்டம் சொன்ன கணக்கல்ல, என் வழக்கம். ஒரு முறை வாங்கிய கடிதத்தை அடுத்த வருஷத்து லீவுக்கும் யாரும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்பதற்காக.

நகலில் நோயின் பெயரை மறைப்பது

2002 விதிமுறைகளில் இருக்கும் மாதிரிப் படிவத்திலேயே நோயின் பெயருக்கு இடம் உண்டு. அதனால் பெரும்பாலான தாள்களில் அது எழுதப்பட்டிருக்கும். நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்தான். ஆனால் கிளினிக்கின் வரவேற்பு மேஜைக்கு நாம் எடுத்துப் போகும் நகலை யார் யார் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. டோக்கன் போடும் பெண், மருந்துக் கடைப் பையன், பக்கத்தில் நிற்கும் நம் தெருக்காரர். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே சொந்தபந்தம் இல்லாத வீடு எது?

மூலத் தாளின் மேல் பேனா படக்கூடாது. ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அதில் நோய் எழுதிய வரியின் மேல் ஒரு வெள்ளைத் தாள் துண்டை ஒட்டி, அதை மறுபடி ஜெராக்ஸ் எடுங்கள். அந்த இரண்டாவது நகல்தான் வெளியே போகவேண்டியது. கறுப்பு மார்க்கரால் அடித்த நகலை நேராகக் கொடுத்தால் பின்பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடலாம். போனில் எடுத்த படத்தின் மேல் கறுப்புக் கோடு போட்டாலும், வெளிச்சத்தைக் கூட்டினால் சில நேரம் உள்ளே இருப்பது தெரியும். கிளினிக்கின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் படம் அனுப்புவதை நான் செய்வதே இல்லை. அந்தப் போன் பெரும்பாலும் அங்கே வேலை செய்யும் ஒருவரின் சொந்தப் போன்.

கிளினிக்கில் கேட்கும் விதம்

தாளிலேயே அச்சாகியிருக்கும் போன் எண்ணை நம்பிக் கூப்பிடாதீர்கள். தாள் போலி என்றால் அந்த எண்ணும் போலியாக இருக்கலாம். மறுமுனையில் "ஆமாம் சார், எங்க கிளினிக் சர்ட்டிபிகேட்தான்" என்று சொல்பவர் ஊழியரின் மச்சானாகவும் இருக்கலாம். கிளினிக் போர்டில் இருக்கும் எண், கூகுள் மேப்பில் வரும் எண், பக்கத்து மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய எண் இவற்றில் ஒன்று தாளோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

போனில் பதில் வாங்க வேண்டாம். போனில் நேரம் மட்டும் வாங்குங்கள். எதிரே யார் பேசுகிறார்கள் என்று நமக்கும் தெரியாது, நாம் யார் என்று அவர்களுக்கும் தெரியாது. நான் பேசியது:

"வணக்கம் சிஸ்டர், கடலூர்லேர்ந்து ஒரு கம்பெனி ஆபீஸ்லேர்ந்து பேசறேன். உங்க கிளினிக் குடுத்த ஒரு சர்ட்டிபிகேட் பத்தி எழுத்துல ஒரு சந்தேகம் கேக்கணும். பேஷண்டோட சம்மதக் கடிதம் இருக்கு. போன்ல ஒண்ணும் சொல்ல வேணாம். டாக்டருக்குத் தொந்தரவு இல்லாத நேரம் எப்போன்னு சொன்னா நேர்ல லெட்டர் கொண்டாந்து குடுக்கறேன்."

பேஷண்ட் பெயரை அவர்களே "யாரு சார்?" என்று கேட்டார்கள். "லெட்டர்ல இருக்கு சிஸ்டர், நேர்ல காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். வரவேற்பில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சிஸ்டர் பெயரைத் திரும்பச் சத்தமாகச் சொல்வார் என்பது நிச்சயம்.

சாயங்காலம் ஓ.பி. தொடங்குவதற்குக் கால்மணி நேரம் முன்னால் போவது நல்லது. திங்கட்கிழமை வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்த கூட்டம் அன்றைக்கு வரும். சில டாக்டர்கள் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வந்து போகிறவர்கள். அவர் இல்லாத நாளில் கேட்டால் "அப்படி ஒருத்தர் இங்க இல்லையே" என்று புதிதாக வந்தவர் சொல்லிவிட, ஒரு ஊழியரின் வேலைக்கே உலை வைத்ததாகிவிடும்.

கையில் கொண்டுபோனது: கம்பெனி லெட்டர்பேடில் கடிதம், சம்மதக் கடிதத்தின் நகல், நோய் மறைத்த சர்ட்டிபிகேட் நகல், என் அடையாள அட்டை. கடிதத்தின் உடல் இவ்வளவுதான்:

"ஐயா, வணக்கம். இத்துடன் இணைத்துள்ள சான்றிதழ் தங்கள் கிளினிக் வழங்கியதாக எங்கள் ஊழியர் கொடுத்துள்ளார். அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதத்தின் பேரில் கீழ்க்கண்ட இரண்டை மட்டும் உறுதிசெய்து தர வேண்டுகிறோம். ஒன்று, இச்சான்றிதழ் தங்களால் வழங்கப்பட்டதா? ஆம் / இல்லை. இரண்டு, இதில் உள்ள தேதிகளும் நாட்களும் தங்கள் நகலோடு ஒத்துள்ளனவா? ஆம் / இல்லை. நோய், சிகிச்சை பற்றிய எந்த விவரமும் எங்களுக்குத் தேவையில்லை, எழுதவும் வேண்டாம். பதில் தர இயலாதெனில் அதையும் மதிக்கிறோம்."

'சந்தேகத்துக்கு இடமான', 'போலி எனக் கருதப்படும்' போன்ற சொற்கள் கடிதத்தில் எங்கும் வரக்கூடாது. டாக்டரிடம் போய் 'போலி' என்று சொன்னால், தன்னைச் சொல்வதாகத்தான் அவர் முதலில் எடுத்துக்கொள்வார். அதற்குப் பிறகு ரிஜிஸ்டர் திறக்காது.

இரண்டு கேள்விகளையும் தனித்தனியாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. நாள் மட்டும் திருத்தப்பட்ட தாளுக்கு முதல் கேள்விக்கு 'ஆம்', இரண்டாவதுக்கு 'இல்லை' என்று பதில் வரும். 'இது உங்களுடையதா' என்று மட்டும் கேட்டிருந்தால், டாக்டர் சீலையும் கையெழுத்தையும் பார்த்துவிட்டு ஆமாம் என்று சொல்லி அனுப்பியிருப்பார்.

அன்றைக்கு அந்தச் சிஸ்டர் அலமாரியிலிருந்து சர்ட்டிபிகேட் புத்தகத்தை எடுத்தார். கிழித்துக் கொடுத்தது போக அடிக்கட்டை மட்டும் இருக்கும் புத்தகம். எண்ணைத் தேடிப் புரட்டியவர், பக்கம் வந்ததும் நோய் எழுதியிருந்த இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டு தேதியை மட்டும் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவராகவே செய்தார். அடிக்கட்டையில் 3 என்பது அடிக்கப்பட்டு, பக்கத்தில் 8 என்று எழுதி, டாக்டரின் சிறு கையெழுத்தும் 13-ஆம் தேதியும் இருந்தன. முதல் நாள் மூன்று நாளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். 13-ஆம் தேதி மறுபடி வந்தபோது டாக்டரே நீட்டியிருக்கிறார். புதுத் தாள் எழுதச் சோம்பல், பழைய தாளிலேயே 3-ஐ 8 ஆக்கிவிட்டார். அடிக்கட்டையில் போட்ட கையெழுத்தைத் தாளில் போட மறந்துவிட்டார்.

பதில் தர மாட்டோம் என்றால்

சண்டை போட வேண்டாம், அது அவர்கள் உரிமை. மூன்றாம் ஆளான நமக்குப் பதில் சொல்லியே தீரவேண்டும் என்று விதி இல்லை. 'பதில் தரவில்லை, ஆகவே போலி' என்று ஃபைலில் எழுதுவது எனக்குத் தெரிந்த மிக மோசமான பழக்கம். அப்படி எழுதி ஒருவரை நீக்கிவிட்டு, பிறகு தொழிலாளர் அதிகாரி முன்னால் நின்று விழித்தவர்களும் உண்டு.

இந்த இடத்தில் ஊழியரின் கைதான் ஓங்கியது. தன் மருத்துவ ஆவணத்தை நோயாளியே கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதே 2002 விதிமுறைகள் சொல்கின்றன. அவரே போய், சர்ட்டிபிகேட்டின் நகலில் 'எங்களால் வழங்கப்பட்டது' என்று ஒரு வரியும் கையெழுத்தும் சீலும் வாங்கிவரச் சொல்லலாம். போக்குவரத்துச் செலவைக் கம்பெனி கொடுத்துவிடுவது மரியாதை. சந்தேகம் நமக்குத்தானே வந்தது. உங்கள் நிலையாணைகளிலோ வேலை ஒப்பந்தத்திலோ இடம் இருந்தால் வேறொரு டாக்டரின் கருத்துக்கு அனுப்பலாம். ஆனால் காய்ச்சல் விட்டு இருபது நாள் கழித்து அனுப்பினால் எந்த டாக்டரும் ஒன்றும் சொல்ல முடியாது.

இ.எஸ்.ஐ.யில் இருக்கும் ஊழியர் இ.எஸ்.ஐ. சான்று கொடுத்திருந்தால் இந்த வழியெல்லாம் வேண்டாம், அதைக் கொடுத்த மருந்தகத்திலோ கிளை அலுவலகத்திலோ எழுதிக் கேளுங்கள். நோய்க்காலப் பலன் பெறும் காலத்தில் ஊழியரை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று, 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு தடுத்ததையும் நினைவில் வையுங்கள்.

தாளில் மனநலம் சார்ந்தோ எச்.ஐ.வி. சார்ந்தோ ஏதாவது எழுதியிருந்தால் நானாக எதுவும் செய்ய மாட்டேன். இரண்டுக்கும் 2017-இல் வந்த தனித்தனிச் சட்டங்கள் ரகசியத்தைக் கூடுதலாகக் காக்கின்றன. அந்தத் தாளைக் கவரில் போட்டு ஒட்டிவிட்டு, முதலில் ஒரு வக்கீலிடம் பேசுவேன்.

பதில் வந்த பிறகு

'எங்கள் பதிவில் இல்லை' என்று வந்தாலும் ஒரு முறை கூடக் கேளுங்கள். சான்றிதழின் வரிசை எண்ணைச் சொல்லி, அன்றைக்கு மாற்று டாக்டர் யாராவது ஓ.பி. பார்த்தாரா, வேறு கிளை இருக்கிறதா என்று கேளுங்கள். விதி சொன்னாலும் ரிஜிஸ்டர் வைக்காத கிளினிக்குகள் இருக்கத்தான் செய்கின்றன. 'ரிஜிஸ்டரில் இல்லை' என்பதும் 'இது எங்கள் தாள் இல்லை, இது என் கையெழுத்து இல்லை' என்பதும் வேறு வேறு. இரண்டாவதை டாக்டரே கையெழுத்திட்டுத் தந்தால்தான் அடுத்த படிக்கு நகரலாம்.

அந்த அடுத்த படியும் நேரே நீக்கம் அல்ல. ஊழியரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டு, அவர் பதிலை வாங்கி, உள்விசாரணை நடத்திய பிறகே மற்றது. போலி ஆவணம் தயாரிப்பதும் அதை உண்மையென்று பயன்படுத்துவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 336, 340 பிரிவுகளில் குற்றம். தாள் யாருடைய பெயரில் போலியாக அச்சானதோ அந்த டாக்டரும் தனியாகப் புகார் கொடுக்கலாம். தாள் அசல்தான், ஆனால் டாக்டர் ஆளைப் பார்க்காமலே எழுதிக் கொடுத்தார் என்று ஆதாரம் இருந்தால் அது வேறு வழக்கு. பொய்ச் சான்று தருவது அதே சட்டத்தின் 234-ஆம் பிரிவில் வரலாம், அந்த டாக்டர் பதிந்திருக்கும் மாநிலக் கவுன்சிலில் புகார் தரலாம். கடலூர் கிளினிக் என்றால் மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடமும் போகலாம். புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டிவிட்டால் அவருக்கு அதிகாரம் இல்லை.

ஃபைலில் எழுதுவது ஒரே ஒரு வரி: எந்தத் தேதி, எந்தக் கிளினிக், யார் பதில் தந்தார், ஆம் அல்லது இல்லை. சூப்பர்வைசர் குரூப்பில் 'வெரிஃபைடு' என்று தாளின் போட்டோவைப் போடும் ஆசை சிலருக்கு வரும். சூப்பர்வைசருக்குத் தெரியவேண்டியது லீவு ஏற்கப்பட்டதா இல்லையா என்பது மட்டும்.

அன்று சாயங்காலம் டாக்டர் வந்து எங்கள் கடிதத்தில் இரண்டு 'ஆம்'களையும் வட்டமிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "திருத்துன இடத்துல நான்தான் கையெழுத்து போட்டிருக்கணும், மறந்துட்டேன்" என்றும் சொன்னார். மறுநாள் 8 நாளுக்கும் லீவை ஏற்று மேனேஜரிடம் கையெழுத்து வாங்கினேன். அந்தப் பையனைக் கூப்பிட்டு டாக்டர் தந்த பதிலைக் காட்டிவிட்டு, கையில் மிச்சம் இருந்த நகல்களை அவர் முன்னாலேயே கிழிக்கப் போனேன். "குடுங்க சார், நானே கிழிக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார்.